படத்தில் ஒரு நிறம், பாட்டிலில் ஒரு நிறம்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

ஈசூன் அடுப்படி
வீட்டிலிருந்தே எலுமிச்சை ஊறுகாயும் சாம்பார் பொடியும் செய்து விற்கிறேன். சமீபத்தில் படங்களைப் புதிதாக எடுத்தேன். தேக்கா மாடியில் வாங்கிய காடாத்துணியை மேசையில் விரித்து, ஜன்னல் பக்கம் ஊறுகாய் பாட்டில், கூடத்தின் பக்கம் மரத்தட்டில் கொஞ்சம் பொடி, நடுவே காய்ந்த மிளகாய் நாலு. கூடத்து மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிறத்தைக் கூட்டும் வேலை எதுவும் செய்யவில்லை, எடுத்தபடியே போட்டேன்.

ஜூரோங்கிலிருந்து வாங்கியவர் ஒருவர், வந்த பாக்கெட்டைப் படம் பிடித்து என் படத்தின் பக்கத்திலேயே வைத்து அனுப்பினார். "நீங்கள் காட்டியது செக்கச்செவேல் என்று இருக்கிறது, வந்தது காவி நிறம். பழைய சரக்கா?" அந்த வாரம்தான் அரைத்தது. வேடிக்கை என்னவென்றால், ஊறுகாய்க்கு நேர்மாறு. நேரில் மஞ்சளும் சிவப்புமாக இருப்பது படத்தில் புளிக்குழம்பு மாதிரி கறுத்துத் தெரிகிறது. ஒரே மேசை, ஒரே ஃபோன். பொடிக்கு நிறம் ஏறியது, ஊறுகாய்க்கு இறங்கியது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பொங்கோல் மசாலா
எனக்கும் இதே கதைதான். வட்ட விளக்கு ஒன்று வாங்கினேன், அன்றோடு பிரச்சினை தீர்ந்தது. ஜன்னலை மூடிவிட்டு அந்த விளக்கில் மட்டும் எடுங்கள் அக்கா.

படக்கடை மாமா
பல வருஷம் ஸ்டூடியோவில் பொருட்களைப் படம் பிடித்தவன் நான். தம்பி சொன்னதில் பாதி சரி. ஒரே ஒரு ஒளி இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் வட்ட விளக்கை வைத்து ஊறுகாய் பாட்டிலை எடுத்தால், கண்ணாடியில் வெள்ளை வளையம் விழுமே?

பொங்கோல் மசாலா
விழும் மாமா. அதனால் நான் பொடி மட்டும்தான் எடுக்கிறேன்.

படக்கடை மாமா
அதானே! அம்மா, உங்களுக்கு நடந்தது இரண்டு வேறு விஷயம்.

முதலில் பொடி. கூடத்து விளக்கு மஞ்சள், ஜன்னல் வெளிச்சம் அதைவிட நீலம். ஃபோன் இரண்டுக்கும் பொதுவாக ஒரு கணக்குதான் போடும். அது ஜன்னலுக்குப் போட்டுவிட்டால், விளக்குப் பக்கம் இருக்கும் பொடி மேலும் சிவக்கும். சோதிக்க ஒரு சுலப வழி உண்டு. வெள்ளைத் தாளை இரண்டாகக் கிழித்து, ஒன்றைப் பொடிக்குப் பக்கத்திலும் மற்றதைப் பாட்டிலுக்குப் பக்கத்திலும் வைத்து எடுத்துப் பாருங்கள். இரண்டும் இரண்டு நிறமாக வந்தால் ஒளி கலந்திருக்கிறது. அதை எந்தச் செயலியும் ஒரே தட்டில் திருத்தாது, திருத்தினால் ஒரு பக்கம் சரியாகும், மறுபக்கம் கெடும். இரண்டு தாளும் ஒரே மாதிரிப் பழுப்பாகவோ பச்சையாகவோ வந்தால் கவலை வேண்டாம், திருத்திவிடலாம்.

அடுத்தது ஊறுகாய். பாட்டிலுக்குள் கெட்டியாக எண்ணெயும் மசாலாவும். முன்னாலிருந்து வரும் ஒளியில் கொஞ்சம் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பும், உள்ளே போனதை மசாலா விழுங்கிவிடும். அதனால்தான் கறுப்பு. வெளிச்சம் பின்னாலிருந்தோ பக்கவாட்டில் பின்புறமாகவோ வர வேண்டும். வெள்ளை அட்டையை பாட்டிலைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்டி, பின்னால் மறைவாகச் சாய்த்து வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு எண்ணெய் வழியாக வரும்போது எலுமிச்சைத் துண்டின் ஓரம் தெளிவாகத் தெரியும். அடியில் மசாலா கெட்டியாக உட்கார்ந்திருக்கும் இடம் அப்போதும் இருட்டாகத்தான் வரும், அதற்கு நான் கண்ட வழி ஒன்றுமில்லை.

பீடோக் வாசி
பொடி நிறம் மாறுவது பற்றித்தானே கேட்கிறீர்கள்? என் மஞ்சள் தூளுக்கும் ஆனது. முன்பக்கம் தெளிவாகத் தெரியும் பாக்கெட்டில் போட்டு, ஜன்னலோர அலமாரியில் அடுக்கியிருந்தேன். சில வாரங்களில் வெளிச்சம் பட்ட முகம் வெளுத்துவிட்டது. கொட்டிப் பார்த்தால் உள்ளே இருந்த தூள் பளிச்சென்று அப்படியே. மிளகாய்த் தூளுக்கும் இதே கதி. இப்போது எல்லாம் மூடிய காகிதப் பாக்கெட்டுக்கு மாறிவிட்டேன்.

படக்கடை மாமா
அவர் கேட்டது படத்தில் வரும் நிறம் பற்றி. ஆனால் நீங்கள் சொன்னதையும் தள்ள முடியாது. வாங்கியவர் பாக்கெட்டை வெளிச்சத்தில் வைத்திருந்தாரா என்று நமக்கு எப்படித் தெரியும்? அவர் எடுத்த படமும் அவர் வீட்டு விளக்கில் எடுத்ததுதானே.

கைமணம்
துணி விஷயத்தில் என் அனுபவம். காடாத்துணியில் மஞ்சள் சிந்தியதும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த இடமெல்லாம் ரத்தக்கறை போலச் சிவந்துவிட்டது, பயந்தே போனேன். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் சிவக்குமாம். நன்றாக அலசி மூங்கில் கழியில் வெயிலில் போட்டேன், மெல்ல மங்கியது. அதுவரை அந்தத் துணியைப் படத்தில் வைத்தால் பொடியே சிவப்பாகத் தெரிந்தது.

இன்னொன்று. மூடிமேல் துணி போட்டுச் சணல் கயிறு கட்டுவது பார்க்க அழகுதான். ஆனால் மூடி ஓரத்தில் கசியும் எண்ணெயைத் துணி உறிஞ்சி, கயிற்றுக்கடியில் ஈரத்தோடு வைத்துக்கொள்ளும். நம்ம ஊர் புழுக்கத்தில் கறுப்புப் புள்ளி வந்துவிடுகிறது. படத்துக்கு மட்டும் கட்டி, அனுப்பும்போது அவிழ்த்துவிடுகிறேன்.

பீடோக் வாசி
அப்படியென்றால் துணியோடு காட்டித் துணியில்லாமல் அனுப்புகிறீர்கள். அதுவும் ஏமாற்றுதான்.

கைமணம்
அண்ணே, காய்ந்த மிளகாயையும்தான் படத்தில் வைக்கிறேன், அதையுமா அனுப்புகிறேன்?

பொங்கோல் மசாலா
துணி லேபிளை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் சாம்பார் பொடியில் கூட்டுப் பெருங்காயம், அதில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. ஒவ்வாமை தரும் பொருட்களை லேபிளில் எழுதச் சொல்கிறது சிங்கப்பூர் உணவு அமைப்பு. படத்தில் அந்த வரிதான் துணி மடிப்புக்குள் போயிருந்தது, ஒரு அம்மா கேட்டபிறகுதான் கவனித்தேன்.

ஈசூன் அடுப்படி
மாமா சொன்னபடி செய்து பார்த்தேன். பொடிப் பக்கத் தாள் ஆரஞ்சு, பாட்டில் பக்கத் தாள் லேசாக நீலம். விளக்கை அணைத்துவிட்டுக் காலை 10 மணிக்கு மறுபடி எடுத்தேன். இப்போது இரண்டு தாளும் ஒரே நிறம், ஆனால் பச்சை! எட்டிப் பார்த்தால் எதிர் புளோக்கின் சுவர் பச்சை, வெயில் முழுக்க அதில் பட்டு என் சமையலறைக்குள் வருகிறது. வீவக வீடுகளில் இருப்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒரே நிறம் என்பதால், செயலியில் வெள்ளைத் தாளைத் தொட்டதும் பச்சை போய்விட்டது. அந்தத் திருத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தாளை எடுத்துவிட்டு எடுத்த படங்களுக்கும் போட்டேன். பொடி இப்போது காவிதான், உள்ளபடியே. அட்டை வைத்ததும் ஊறுகாயின் மேல்பாதி தங்கமாக வந்தது.

ஒரு சந்தேகம் மிச்சம். மிளகாய்த் தூள் மட்டும் குருணை தெரியாமல் சிவப்புத் திட்டாக வருகிறது.

படக்கடை மாமா
பளிச் சிவப்பைப் பல ஃபோன்கள் தாங்காது. திரையில் தூளைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குருணை தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி எடுங்கள். துணி இருட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை, அதைப் பிறகு தூக்கலாம். திட்டாகிப் போன சிவப்பை மீட்க முடியாது.

ஈசூன் அடுப்படி
சரி மாமா. ஜூரோங்காரருக்குப் புதுப் படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.

பீடோக் வாசி
பீங்கான் ஜாடியில் விற்பவர்கள் என்ன செய்கிறீர்கள்? உள்ளே இருப்பது தெரியவே தெரியாதே.