உதவி: லேப்டாப் டிஸ்ப்ளே போச்சு, டிவில மாட்டினா வால்பேப்பர் மட்டும் வருது, நாளைக்கு எக்ஸாம்

மூணாவது_மாடி (இரவு 9:38)
அண்ணன்களே அவசரம். லேப்டாப் கட்டில்ல இருந்து விழுந்து டிஸ்ப்ளே உடைஞ்சிருச்சு, முழுக்க கறுப்பு. நோட்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான். சீனியர் ரூம்ல இருந்து டிவி வாங்கிட்டு வந்து மாட்டிட்டேன். வால்பேப்பர் வருது, வேற ஒண்ணும் வரல. காலைல 9:30க்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர். என்ன பண்ணணும்?

செம்புக்கம்பி (9:41)
கேபிள்தான். மலிவான எச்டிஎம்ஐ கேபிள்ல இப்படித்தான் ஆகும். பக்கத்து ரூம்ல வேற கேபிள் கேட்டுப் பாருங்க.

பழையகை (9:44)
எந்த டிவி, எத்தனை இன்ச், எந்த விண்டோஸ், எந்த கேபிள், ஒண்ணுமே சொல்லல. இதைச் சொல்லாம யாராலயும் உதவ முடியாது. இதே கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவை வருது, தேடிப் பார்த்துட்டுக் கேட்டிருக்கலாம்.

தென்றல்_ஈசிஇ (9:46)
கேபிள் இல்லாமலே முடியுமே தம்பி. விண்டோஸ் + K அழுத்தி வைஃபைலயே டிவிக்கு அனுப்பலாம். டிவி ஸ்மார்ட் டிவிதானே?

மூணாவது_மாடி (9:49)
ஸ்மார்ட் இல்ல அக்கா, சாதா டிவி. 32 இன்ச், பின்னாடி எச்டி ரெடின்னு ஸ்டிக்கர் இருக்கு. விண்டோஸ் 10. எச்டிஎம்ஐ கேபிள், ஒன்றரை மீட்டர். மவுஸை நகர்த்தினா அம்பு டிவில சில சமயம் வருது, சில சமயம் காணாமப் போகுது.

அரைவோல்ட் (9:55)
அம்பு வந்து வந்து போகுதுன்னா கேபிள்ல குறை இல்ல. விண்டோஸ் உங்க டிவியை ரெண்டாவது திரையா வச்சிருக்கு. முதல் திரை இன்னும் உடைஞ்ச டிஸ்ப்ளேதான். அது உடைஞ்சது விண்டோஸுக்குத் தெரியாது, அதனால நீங்க திறக்கிற ஜன்னல் எல்லாம் அங்கதான் திறக்குது. அம்பும் அங்க போய்ட்டு வருது.

கண்ணுக்குத் தெரியாமலே செய்யலாம். லாகின் ஆகி இருக்கணும். விண்டோஸ் + R அழுத்துங்க. பெட்டி உடைஞ்ச திரைலதான் திறக்கும், ஆனா டைப் பண்றதை வாங்கிக்கும். ரெண்டு நொடி விட்டு இதை டைப் பண்ணி எண்டர்:

```
DisplaySwitch.exe /external
```

டிவி ஒரு தடவை கறுப்பாகித் திரும்ப வரும். எல்லாம் டிவிக்கு வந்துரும். விண்டோஸ் + P பட்டியல்ல `Second screen only`ன்னு இருக்கிறதும் இதேதான், ஆனா பார்க்காம அதுல எண்ணி இறங்குறதைவிட கட்டளை நிச்சயம். `Duplicate` வேண்டாம், ரெண்டு திரைக்கும் பொதுவான அளவுல சிக்கிக்குவீங்க.

குழல்விளக்கு (9:57)
எங்க வீட்டு டிவில செட்டாப் பாக்ஸ் மாட்டினா படம் வருது, சத்தம் வரல. இதுவும் அதே பிரச்சினையா?

அரைவோல்ட் (9:58)
இல்லைங்க, அது வேற. தனியா ஒரு இழை போடுங்க.

மூணாவது_மாடி (10:06)
அண்ணா வந்துருச்சு!! ஆனா நாலு ஓரமும் வெட்டிருக்கு, டாஸ்க்பார் பாதிதான் தெரியுது. எழுத்தும் மங்கலா, ஓரத்துல வெள்ளைக் கோடு போட்ட மாதிரி இருக்கு. படிக்க முடியல.

வரைபலகை (10:09)
இன்டெல் கிராபிக்ஸ் ஆப்ல ஸ்கேலிங் போய் `Custom`ல படத்தைச் சுருக்கிருங்க. ஓரம் உள்ள வந்துரும்.

அரைவோல்ட் (10:16)
ஓரம் உள்ள வரும், ஆனா எழுத்து இன்னும் மோசமாகும். லேப்டாப் சுருக்கும், டிவி திரும்ப இழுத்துப் பெருசாக்கும், ரெண்டு தடவை கசங்கும். வெட்டுறது டிவி, அதனால டிவிலயே நிறுத்தணும். பழைய குழாய் டிவி காலத்துல ஓரத்தை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுவாங்க, அந்தப் பழக்கம் இந்த டிவிகள்லயும் ஒட்டிட்டிருக்கு.

ரிமோட்ல படத்தோட அளவு மாத்துற பட்டனைத் தேடுங்க. `Just Scan`, `Screen Fit`, `1:1`, இப்படி கம்பெனிக்கு ஒரு பேர் இருக்கும். அந்தத் தேர்வே இல்லைன்னா, உள்ளீட்டுப் பட்டியல்ல அந்த எச்டிஎம்ஐக்குப் பேரை `PC`ன்னு மாத்துங்க. சில டிவிகள்ல அதுக்கப்புறம்தான் ஓரம் வெட்டுறதை நிறுத்தும்.

வெள்ளைக் கோடு ஷார்ப்னஸ். எழுத்தைச் சுத்தி ஒளிவட்டம் போடுறது அதுதான். 0க்கு இறக்குங்க. அதுக்கு மேலயும் மங்கலா இருந்தா, டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ரெசல்யூஷன் என்ன காட்டுதுன்னு சொல்லுங்க.

மூணாவது_மாடி (10:24)
ஓரம் சரியாச்சு. ஒளிவட்டம் போச்சு. ரெசல்யூஷன் 1920 x 1080. எழுத்து இன்னும் உடைஞ்சு உடைஞ்சு இருக்கு, சின்ன எழுத்துல e எது o எதுன்னு தெரியல.

பழையகை (10:27)
எச்டி ரெடி டிவிக்கு 1080 அனுப்பினா அப்படித்தான் இருக்கும். அந்தப் பேனல்ல இருக்கிறது 1366 x 768. இது அடிப்படை. இதுக்குத்தான் பழைய டிவிகள்ல விஜிஏ துளை நல்லது. விஜிஏல மாட்டினா ஓரமும் வெட்டாது, பேனலோட அளவும் பட்டியல்ல வரும்.

செம்புக்கம்பி (10:29)
விஜிஏ அனலாக். எச்டிஎம்ஐயைவிடத் தெளிவா இருக்கும்னு எப்படிச் சொல்றீங்க?

பழையகை (10:31)
சரியான அளவுல வர்ற அனலாக், தப்பான அளவுல வர்ற டிஜிட்டலைவிட நல்லா இருக்கும். கண்ணால பார்த்ததைச் சொல்றேன்.

அரைவோல்ட் (10:35)
பேனலைப் பத்தி அவர் சொல்றது சரி. ஆனா தம்பி லேப்டாப்ல விஜிஏ இருக்கான்னே தெரியல, ராத்திரி பத்தரைக்கு கன்வர்ட்டருக்கு எங்க போவாரு?

டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ரெசல்யூஷன் பட்டியலைத் திறங்க. 1366 x 768 இருந்தா அது. இல்லைன்னா 1360 x 768. அதுவும் இல்லைன்னா `Advanced display settings`, அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸ், `List All Modes`. அங்கயும் இல்லைன்னா 1280 x 720 வைங்க, கொஞ்சம் மங்கும், ஆனா 1080ஐவிட எழுத்து பெருசா வரும், படிச்சிரலாம்.

வரைபலகை (10:38)
அது ஏன் 1360? பேனல் 1366தானே?

அரைவோல்ட் (10:44)
டிவி தன்னைப் பத்தி லேப்டாப்புக்கு அனுப்புற குறிப்புல ஒரு வகைப் பதிவு அகலத்தை எட்டால வகுத்துத்தான் எழுதிக்கும். 1366 எட்டால வகுபடாது, 1360 வகுபடும். டிவி அதை இழுக்காம அப்படியே காட்டினா பக்கத்துக்கு 3 புள்ளி கறுப்பா இருக்கும், கண்ணுக்கே தெரியாது.

இன்னொண்ணு தம்பி. 32 இன்ச்ல 1366ன்னா ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். மேஜைல வச்சு ரெண்டடில உட்கார்ந்தா புள்ளி புள்ளியாத்தான் தெரியும். டிவியை எதிர்ப் பக்கம் வச்சு அஞ்சாறு அடி தள்ளி உட்காருங்க. கேபிள் ஒன்றரை மீட்டர்தான், அதனால லேப்டாப்பை நடுவுல ஒரு நாற்காலில வைங்க. பிடிஎஃப்ல கண்ட்ரோல் + பிளஸ் அழுத்திப் பெருசாக்கிக்குங்க.

தென்றல்_ஈசிஇ (10:47)
சத்தம் இப்போ டிவி வழியா வரும், ரூம்மேட் தூங்கினா ரிமோட்ல மியூட் பண்ணிடு தம்பி. லேப்டாப் மூடியை மூடாதே, ஸ்லீப்ல போய்டும்.

செம்புக்கம்பி (10:52)
அஞ்சடி தள்ளி உட்கார்ந்து படிக்கிறதுக்கு பிடிஎஃப்பை ஃபோன்ல ஏத்திட்டா போதுமே.

பழையகை (10:53)
ப்ரோக்ராம் ஓட்டிப் பார்க்கணும்னா ஃபோன்ல எப்படி? அவர் பேப்பரே அதுதான்.

மூணாவது_மாடி (11:12)
1360 x 768 இருந்துச்சு, போட்டேன். எழுத்து தெளிவா இருக்கு. எழுத்தோட ஒரு ஓரத்துல லேசா சிவப்பு, இன்னொரு ஓரத்துல நீலம் தெரியுது, ஆனா படிக்க முடியுது. ஏவிஎல் மரம் இன்னும் பாக்கி. நன்றி அண்ணா, அக்கா.

அரைவோல்ட் (11:15)
விண்டோஸ் + R, `cttune`, எண்டர். முதல்ல எழுத்து தெளிவா தெரியுற பெட்டியைத் தேர்ந்தெடுங்க, அடுத்த அடுத்த பக்கம் போங்க. அதுலயும் நிறம் போகலைன்னா முதல் பக்கத்துல ClearType டிக்கையே எடுத்துருங்க. இல்ல, டிவி நிறத்தைப் பாதியா குறைச்சுக் காட்டுதுன்னா `PC`ன்னு பேர் மாத்தினாத்தான் போகும். மாத்தினீங்களா, இல்ல அளவு பட்டன்லயே சரியாச்சா?

வரைபலகை (காலை 7:20)
தம்பி, நிறம் போச்சா?