புதுப்பிப்பு: பொங்கல் குடிக்குப் பின் தம்பிக்கு வந்த தாறுமாறான நெஞ்சுத் துடிப்பு

முன்பு கேட்டது: "கோத்தகிரியில் இருக்கிறோம். தம்பிக்கு 27 வயது, எந்த நோயும் இல்லை. பொங்கல் விடுமுறை முழுவதும் குடித்தான். விடியற்காலையிலிருந்து நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது. வாயுவா, இதயமா?"

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இதயம்தான். "துடிப்பு தானாகச் சீராவதற்குள் இ.சி.ஜி. எடுங்கள், பிறகு எடுத்தால் ஒன்றும் பதிவாகாது" என்ற செவிலியர் அக்காவின் யோசனையே கைகொடுத்தது. குன்னூரில் எடுத்தோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்க, நாடி நிமிடத்துக்கு 140. வேகத்தைத் தணிக்க மெட்டோபுரோலால் கொடுத்துக் கண்காணித்தார்கள். மாலைக்குள் தானே சீரானது.

எதிர்பாராதது, குடிக்கும்போது இல்லாமல் போதை இறங்கியபின் வந்ததுதான். அப்படித்தான் பலருக்கும் வருமாம். இதய ஸ்கேனான எக்கோவும் தைராய்டும் இயல்பு. பொட்டாசியம் மட்டும் குறைவு. வாந்தியில் போயிருக்கலாம் என்றார் மருத்துவர். ஆகவே "உப்புக்கரைசல் போதும்" என்று பதிலில் ஓர் அண்ணன் சொன்னது பாதி சரி. மலை உயரத்தைக் குறைசொன்னவருக்கு: இவன் இங்கேயே பிறந்தவன்!

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தரவில்லை. வயதும் குறைவு, வேறு நோயும் இல்லை. மறுபடி வருமா? குடித்தால் வாய்ப்பு அதிகம், குடிக்காவிட்டாலும் வராது என்று உறுதி தர முடியாது என்றார் மருத்துவர். "பீர் மட்டும் குடிக்கலாமா?" என்று தம்பி கேட்டான். எதிலிருந்தாலும் அது ஆல்கஹால்தான் என்று பதில் வந்தது. வீட்டில் வாக்குவாதம் ஓயவில்லை.