செவிலியர் கட்டுரையில் ஆய்விதழ்க் கருத்தைச் சொந்த நடையில் எழுதுவதும் ஏபிஏ 7 ரெஃபரன்ஸும்: ஒரு கேள்வி

கேட்பவர், மெல்பர்ன்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் அறுவை சிகிச்சை வார்டில் ஆறு ஆண்டுகள் செவிலியராக இருந்துவிட்டு, முதுநிலைப் படிப்புக்காகக் கடந்த பிப்ரவரியில் இங்கே வந்தேன். செவிலியர் எண்ணிக்கைக்கும் நோயாளிகளின் இறப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1500 சொற்களில் எழுதுவதுதான் என் முதல் கட்டுரை. அதற்கு லிண்டா எய்கனும் குழுவினரும் 2014இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஐரோப்பிய ஆய்வை முக்கியமான சான்றாக எடுத்துக்கொண்டேன். அதன் சுருக்கத்தில் உள்ள ஒரு வாக்கியத்தை எடுத்து, இன்க்ரீஸ் என்பதை ரைஸ் என்றும், லைக்லிஹுட் என்பதை சான்ஸ் என்றும் மாற்றி, கடைசியில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டேன். எழுத்துப் பொருத்தத்தைச் சோதிக்கும் டர்னிட்டின் மென்பொருளின் அறிக்கையில் மொத்தம் 9 சதவீதம்தான் காட்டியது. இருந்தும் விரிவுரையாளர் அந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டி, இது மூல நூலுக்கு மிக நெருக்கமாக உள்ளது, கருத்துத் திருட்டாகவே கருதப்படலாம், திருத்தி அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார். பெயரைக் குறிப்பிட்ட பிறகும் அது எப்படித் திருட்டாகும் என்று எனக்கு விளங்கவில்லை. பிறருடைய ஆய்வைக் குறிப்பிட எங்கள் துறையில் ஏபிஏ 7 முறையைப் பின்பற்றச் சொல்கிறார்கள்.

பெர்த்திலிருந்து ஒருவர்

நானும் இதைக் கடந்து வந்தவன்தான், சகோதரி. 15 சதவீதத்திற்குக் கீழே இருந்தால் கவலைப்படத் தேவையில்லை என்பதுதான் எங்கள் வகுப்பில் எல்லோரும் சொன்னது. இன்னும் நான்கைந்து சொற்களை மாற்றுங்கள், செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குங்கள், போதும். பத்தியின் முடிவில் ஒரு தடவை ரெஃபரன்ஸ் போட்டால் முழுப் பத்திக்கும் அது சேர்ந்துவிடும்.

லெஸ்டரிலிருந்து ஒருவர்

ரெஃபரன்ஸ் விஷயத்தில் நானும் மிகவும் சிரமப்பட்டேன். பழைய மருத்துவமனையின் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஓய்வு பெற்றுவிட்டதால், பணிச் சான்றுக் கடிதம் வாங்க மூன்று மாதம் ஆயிற்று. யாரிடம் கேட்டிருக்கிறீர்கள் என்று சொன்னால் வழி சொல்கிறேன்.

கேட்பவர், மெல்பர்ன்

மன்னிக்கவும் அக்கா, நான் கேட்பது பணிச் சான்றுக் கடிதத்தைப் பற்றி அல்ல. கட்டுரையில் பிறருடைய ஆய்வைக் குறிப்பிடும் முறையைப் பற்றித்தான் கேட்டேன்.

பிரிஸ்பேனிலிருந்து ஒருவர்

நான் இங்கே வார்டில் செவிலியர் பயிற்றுநராக இருக்கிறேன். சில ஆண்டுகளாக மாணவர்களின் கட்டுரைகளையும் திருத்தி வருகிறேன். பெர்த் நண்பர் சொன்னதில் ஒரு பாதி சரி. வாக்கிய அமைப்பு மாறத்தான் வேண்டும். ஆனால் சதவீதத்தை வைத்து முடிவு செய்வது தவறு. டர்னிட்டின் காட்டுவது வேறு எங்கோ உள்ள எழுத்தோடு உங்கள் எழுத்து எவ்வளவு பொருந்துகிறது என்பதை மட்டுமே. ரெஃபரன்ஸ் பட்டியலும் கட்டுரைத் தலைப்பும் பொருந்தியே 25 சதவீதம் வந்த நேர்மையான கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். 6 சதவீதமே வந்த கட்டுரையில் ஒரு முழுப் பத்தி ஒட்டுப்போட்டதாக இருந்ததும் உண்டு. விரிவுரையாளர் எண்ணைப் பார்க்கவில்லை, பத்தியைத்தான் படித்திருக்கிறார்.

பெயர் போட்ட பிறகு ஏன் திருட்டு என்று கேட்டீர்கள். அடைப்புக்குறிக்குள் பெயர் போடுவது கருத்து அவர்களுடையது என்பதை மட்டுமே சொல்கிறது. மேற்கோள் குறிகள் இல்லாமல் எழுதும்போது, நடையும் சொற்களும் உங்களுடையவை என்று படிப்பவரிடம் சொல்லாமல் சொல்கிறீர்கள். உங்கள் வாக்கியமோ அவர்களுடைய எலும்புக்கூட்டின் மேல் வேறு சட்டையைப் போர்த்தியதாக இருக்கிறது.

இனி அந்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளில், 50 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடைய, வழக்கமான அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட 4,22,730 பேரின் பதிவுகளை அவர்கள் பார்த்தார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் உள்ள நோயாளிகள் ஒருவர் கூடும்போது, அனுமதிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் சுமார் 7 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவர்கள் தரும் எண் 1.068, அதாவது 6.8 சதவீத உயர்வு. நீங்கள் எழுதிய வாக்கியத்தை இங்கே அப்படியே போட முடியுமா? திருட்டு மட்டும்தான் சிக்கலா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கேட்பவர், மெல்பர்ன்

தமிழில் சொல்கிறேன்: "ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், அது நோயாளிகளில் 7 சதவீதம் பேரின் இறப்புக்குக் காரணமாகிறது (எய்கன் மற்றும் பிறர், 2014)." தகுதி பெற்ற செவிலியர் என்ற பொருளில், ரெஜிஸ்டர்டு நர்ஸ் என்பதை குவாலிஃபைடு நர்ஸ் என்றும் மாற்றியிருந்தேன்.

பிரிஸ்பேனிலிருந்து ஒருவர்

நான் பயந்தது இதைத்தான். சொல்லுக்குச் சொல் மாற்றும்போது நடை பழையபடியே இருந்துவிடுகிறது, பொருள்தான் மாறிவிடுகிறது. உங்கள் வாக்கியத்தில் மூன்று பிழைகள் உள்ளன.

முதலாவதே மிகப் பெரியது. 7 சதவீதம் பேர் இறக்கிறார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. ஏற்கெனவே உள்ள வாய்ப்பு விகிதம் அவ்வளவு கூடுகிறது என்கிறார்கள். ஒரு கணக்குக்காக, பத்தாயிரம் பேரில் 100 பேர் இறக்கும் ஒரு மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 100 ஏறக்குறைய 107 ஆகும். நீங்கள் எழுதியபடி பார்த்தால் 700 பேர் இறந்திருக்க வேண்டும். ஒரு செவிலியர் இப்படி எழுதினால், படிப்பவர் ஆய்வைப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் முடிவு செய்வார்.

அடுத்து, அது பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. ஆகவே தொடர்பு இருந்தது என்று எழுதலாமே தவிர, காரணமாகிறது என்று எழுத முடியாது. மூன்றாவதாக, நோயாளிகள் என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள். ஐம்பதும் அதற்கு மேலுமான வயது, அறுவை சிகிச்சை, ஐரோப்பா ஆகிய மூன்று எல்லைகளும் போய்விட்டன. மெல்பர்னில் உள்ள குழந்தைகள் வார்டுக்கும் பொருந்துவதுபோல அது படிக்கப்படும்.

ரெஜிஸ்டர்டு நர்ஸ் என்பதை மாற்றவே கூடாது. அது சட்டப்படியான பதவிப் பெயர். துறைச் சொற்களும், அளவுகோல்களின் பெயர்களும், எண்களும் அப்படியே இருக்கலாம், அவற்றை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

நான் மாணவர்களிடம் சொல்லும் வழி இது. அந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். ஆய்விதழை மூடிவிட்டு, இரவுப் பணிக்கு வரும் தோழியிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது பேசுவதுபோல, அதைத் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். யாரைப் பார்த்தார்கள், எதை எண்ணினார்கள், என்ன கண்டார்கள் என்ற மூன்றும் அதில் வர வேண்டும். பிறகு மூலத்தைத் திறக்காமல் ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதி முடித்த பின்பே திறந்து, எண்களையும் எல்லைகளையும் சரிபாருங்கள். மூலத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால், கண் அதிலேயே போய் நிற்கும்.

பத்தி முடிவில் ஒரே ஒரு குறிப்புப் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு வாக்கியங்களுக்குப் பிறகு குறிப்பு வந்தால், கடன் வாங்கியது எங்கே தொடங்குகிறது என்று படிப்பவருக்குத் தெரியாது. முதல் வாக்கியத்திலேயே ஆசிரியரைப் பெயர் சொல்லித் தொடங்குங்கள். அடுத்த வாக்கியங்களும் அதே ஆய்வைப் பற்றியவை என்பது தெளிவாக இருக்கும்வரை, ஒவ்வொன்றிலும் திரும்பப் போட வேண்டியதில்லை. வேறோர் ஆய்வோ உங்கள் சொந்தக் கருத்தோ நடுவில் வந்தால் மறுபடியும் போடுங்கள்.

பெர்த்திலிருந்து ஒருவர்

தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் எழுதினால் டர்னிட்டினில் எதுவுமே பொருந்தாதே. அப்போது குறிப்பே தேவைப்படாது அல்லவா?

பிரிஸ்பேனிலிருந்து ஒருவர்

தேவைப்படும், தம்பி. சொற்கள் உங்களுடையவை ஆகிவிட்டாலும், அந்த 300 மருத்துவமனைகளின் தரவைத் திரட்டியது நீங்கள் அல்லவே. மொழி மாறினாலும் கண்டுபிடிப்பின் உரிமை மாறாது.

டொரண்டோவிலிருந்து ஒருவர்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே பிரிட்ஜிங் படிப்பொன்றைச் செய்தபோது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். படுக்கைப் புண்ணைப் பற்றிய ஒரு தொகுப்புக் கட்டுரையை வாசித்துவிட்டு, அதில் குறிப்பிடப்பட்டிருந்த பழைய ஆய்வின் பெயரையே என் கட்டுரையில் போட்டேன். அந்த ஆய்வை நான் கண்ணால் கண்டதில்லை. விரிவுரையாளர் அந்தப் பழைய ஆய்வின் பக்கத்தைத் திறந்து காட்டியபோது, தொகுப்புக் கட்டுரை அதைச் சற்றுத் தவறாகச் சொல்லியிருந்தது தெரிந்தது. அந்தத் தவறும் என் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து மூல ஆய்வைத் தேடி எடுத்து வாசிக்கிறேன். எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால்தான் இப்படி எழுதுகிறேன்; பட்டியலில் நான் வாசித்த தொகுப்புக் கட்டுரையை மட்டும் போடுகிறேன்:

```
(பழைய ஆய்வாளர், ஆண்டு, as cited in வாசித்த ஆசிரியர், ஆண்டு)
```

லெஸ்டரிலிருந்து ஒருவர்

இப்போதுதான் கேள்வி புரிந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஹார்வர்டு முறை. அதற்கு ஒரே அதிகாரபூர்வக் கையேடு கிடையாது என்பதால், தோழியின் பல்கலைக்கழகத்துக் காற்புள்ளிகள் எங்களுடையவையாக இருப்பதில்லை. மருத்துவமனைத் தணிக்கை அறிக்கைக்கோ எண் போடும் வான்கூவர் முறையைக் கேட்டார்கள். ஒரே ஆய்வை இரண்டு விதமாக எழுத வேண்டியதாயிற்று.

பிரிஸ்பேனிலிருந்து ஒருவர்

உண்மைதான். இந்த ஆய்வின் வால் பகுதியையே பாருங்கள்:

```
APA 7:     The Lancet, 383(9931), 1824–1830. https://doi.org/10.1016/S0140-6736(13)62631-8
Vancouver: Lancet. 2014;383(9931):1824-30.
```

இந்த ஆய்வுக்கு 18 ஆசிரியர்கள். ஏபிஏ 7இல் 20 பேர் வரை அனைவரையும் பட்டியலில் எழுத வேண்டும். பத்திக்குள்ளோ மூன்று பேர் இருந்தாலே முதல் தடவையிலிருந்து `et al.` போட வேண்டும். வான்கூவரில் பல இதழ்கள் ஆறு பேரோடு நிறுத்திவிடும். பப்மெட் பக்கத்தில் உள்ள `Cite` பொத்தானை அழுத்தி ஏபிஏ வடிவத்தை எடுத்தால், இதழின் பெயர் `Lancet (London, England)` என்று வரும். அதை அப்படியே ஒட்டிய கட்டுரைகள் நிறைய வருகின்றன. இதழின் பெயர் `The Lancet` மட்டுமே, அதுவும் சாய்வெழுத்தில்.

கேட்பவர், மெல்பர்ன்

ஆய்வை மூடிவைத்து எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நான் எழுதியதன் பொருள் இதுதான்: "ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை பெற்ற, 50 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையவர்களின் பதிவுகளை ஆராய்ந்த எய்கனும் பிறரும் (2014), செவிலியர் ஒருவர் கவனிக்கும் நோயாளிகள் கூடக்கூட, ஒரு மாதத்திற்குள் இறக்கும் வாய்ப்பு விகிதமும் உயர்ந்திருந்ததைக் கண்டனர், கூடுதலாகும் ஒவ்வொரு நோயாளிக்கும் இந்த உயர்வு ஏறத்தாழ 7 சதவீதம்." மேற்கோள் இல்லாத இதற்கும் பக்க எண் போட வேண்டுமா?

பிரிஸ்பேனிலிருந்து ஒருவர்

வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது. ஒரு மாதம் என்பதை 30 நாட்கள் என்றே வையுங்கள், அது அவர்கள் அளந்த எல்லை. ஏபிஏ 7இன்படி, சொந்த நடையில் எழுதியதற்குப் பக்க எண் கட்டாயமில்லை. மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்தால் கட்டாயம்.

லெஸ்டரிலிருந்து ஒருவர்

எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொந்த நடைக்கும் கேட்கிறார், அக்கா. போடாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறார்.

பெர்த்திலிருந்து ஒருவர்

எங்கள் வகுப்பில் போட்டவர்களிடம் எதற்கு என்று கேட்டார்கள்.

கேட்பவர், மெல்பர்ன்

அப்படியானால் வியாழக்கிழமை திருத்தி அனுப்புவதற்கு முன் எங்கள் விரிவுரையாளரிடமே கேட்டுவிடுகிறேன். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதுகிறேன்.