எண்பது மைக்ரான் வாயு இடைவெளியைக் கணக்கில் விட்டுவிடலாமா?

காட்பாடி மாணவி:
அணு உலையின் எரிபொருள் கோலில் நடுமையத்திலிருந்து குளிர்நீர் வரை வெப்பநிலை எப்படி இறங்குகிறது என்று கணக்கிட்டுக் கொண்டிருக்கிறேன். எரிபொருள் வில்லைக்கும் அதை மூடியிருக்கும் உலோக உறைக்கும் நடுவே ஹீலியம் வாயு நிரம்பிய இடைவெளி 80 மைக்ரான்தான் என்பதால் அதை விட்டுவிடலாம் என்று கொதிகலன்காரர் ஐயா சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தார். அது சரியா?

பாலாற்றங்கரை:
சரியல்ல. இத்தனை உறுதியான தொனியில் இத்தனை தவறான ஒரு வரியை இந்தக் குழுவில் நான் படித்து நெடுநாளாகிறது. ஒரு மீட்டர் நீளக் கோலில் 20 கிலோவாட் வெப்பம் பிறக்கிறது என்று கொள்ளுங்கள். வில்லையின் விட்டம் 8.2 மில்லிமீட்டர், உறையின் வெளிவிட்டம் 9.5, உறைச்சுவரின் தடிமன் 0.57 மில்லிமீட்டர், வெளியே ஓடும் நீரின் வெப்பநிலை 310 டிகிரி. வெளியிலிருந்து உள்ளே போவோம். நீருக்கும் உறையின் வெளிப்பரப்புக்கும் இடையே 19 டிகிரி ஏறுகிறது, உறைச்சுவரைக் கடக்கையில் 25 டிகிரி ஏறுகிறது. அடுத்து வரும் அந்த 80 மைக்ரான் ஹீலியத்தில் மட்டும் 205 டிகிரி ஏறுகிறது. வில்லையின் விளிம்பிலிருந்து நடுமையம் வரை மேலும் 530. ஆக நடுமையத்தில் ஏறத்தாழ 1,090 டிகிரி. கொதிகலன்காரர் விட்டுவிடச் சொன்ன இடம் உறையையும் நீர்ப்படலத்தையும் சேர்த்தாலும் அவற்றைப் போல் நான்கரை மடங்கு வெப்பநிலையை விழுங்குகிறது.

கொதிகலன்காரர்:
அம்மா, நான் 31 ஆண்டுகள் கொதிகலன்களோடு வாழ்ந்தவன். ராணிப்பேட்டைப் பக்கம் வந்து யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 0.57 மில்லிமீட்டர் என்றால் 570 மைக்ரான். இடைவெளி 80 மைக்ரான். ஏழு மடங்கு தடித்த சுவரில் 25 டிகிரியும் தலைமுடி அளவுள்ள சந்தில் 205 டிகிரியும் என்று எழுதினால், அதை நம்புவதற்கு வகுப்பறைக்குள்ளேயே பிறந்திருக்க வேண்டும்.

பாலாற்றங்கரை:
தடிமனை மட்டும் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். அந்த வெப்பநிலையில் உறையாக இருக்கும் சிர்க்கோனியம் கலவையின் கடத்துத்திறன் ஏறக்குறைய 16, ஹீலியத்தினுடையது 0.3. ஐம்பது மடங்குக்கு மேல் மட்டமான கடத்தியை, ஏழில் ஒரு பங்கு தடிமனில் வைத்திருக்கிறீர்கள். ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல் வரும். இடைவெளி கொஞ்சம் உள்ளே இருப்பதால் அதன் பரப்பும் சிறிது குறைவு, ஆகவே எட்டு மடங்கு. 25ஐ எட்டால் பெருக்கிப் பாருங்கள். உங்கள் 31 ஆண்டு அனுபவமும் இதைத்தானே சொல்லியிருக்கும்? குழாயின் உட்புறம் ஒரு மில்லிமீட்டர் உப்புப் படிந்தால் குழாய் சிவந்து வீங்கி வெடிக்கிறதே, அந்த ஒரு மில்லிமீட்டரை நீங்கள் எந்த ஆய்வறிக்கையிலாவது விட்டுவிட்டது உண்டா?

கொதிகலன்காரர்:
உப்புப் படிவு வேறு, வாயு வேறு. படிவு இருந்த இடத்தில் கல்லாய் இருக்கும், வாயு ஓடும். ஓடும் பொருள் வெப்பத்தைச் சுமந்து செல்லும். அதோடு அந்தச் சூட்டில் வில்லையிலிருந்து கதிர்வீச்சாகவும் வெப்பம் பாயும். அம்மா இவ்விரண்டையும் மறந்துவிட்டுக் கடத்தலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். ஆகவேதான் 80 மைக்ரானுக்கு 205 என்ற விந்தை வந்திருக்கிறது.

ஆம்பூர் மின்பணி:
நான் தண்ணீர் சூடாக்கும் கோல்களைப் பழுது பார்ப்பவன். இந்தக் கேள்விக்கு விடை என் மேசை மேலேயே கிடக்கிறது. கோலுக்குள் சுருள் கம்பியைச் சுற்றி வெள்ளைப் பொடி இருக்கும். அதை இறுக அடைக்காமல் எங்காவது சிறு பொள்ளல் விட்டிருந்தால் கம்பி அதே இடத்தில்தான் எரிந்து அறும். சென்ற மாதம் தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றிலிருந்து ஆறு கோல்கள் வந்தன, ஆறிலும் இதே கதை. எனவே அந்த இடைவெளியில் பொடியை அடைத்துவிட்டால் உங்கள் சண்டை தீர்ந்துவிடும் அல்லவா?

பாலாற்றங்கரை:
ஆம்பூர் அண்ணே, இது தண்ணீர் சூடாக்கும் கோல் அல்ல, அணு உலையின் கோல். இதில் வில்லை சூட்டில் விரியும், வாயுவை வெளிவிடும், ஆண்டுக்கணக்கில் வீங்கும். அதற்கு இடம் வேண்டும் என்றுதான் சந்து விட்டிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கண்ட பொள்ளல் நம் பெரியவர் காண மறுக்கும் 80 மைக்ரானேதான்.

கொதிகலன்காரர் ஐயாவுக்கு: முடியின் அகலமே உள்ள சந்தில் வாயு எங்கே ஓடும்? சூடான பகுதி எழுந்து குளிர்ந்த பகுதி இறங்கிச் சுழல இடம் வேண்டும், 80 மைக்ரானில் வாயுவின் பிசுபிசுப்பே அந்தச் சுழற்சியை நிறுத்திவிடும். கதிர்வீச்சை நான் மறக்கவில்லை, சிறியது என்று கண்டுதான் விட்டேன். வில்லையின் விளிம்பு 559 டிகிரி, உறையின் உட்புறம் 354 டிகிரி. இரண்டும் முழுக் கரும்பொருள்கள் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் சதுர மீட்டருக்கு 18,500 வாட்டுக்கு மேல் கதிர்வீச்சில் போவது கடினம். அங்கே கடந்தாக வேண்டியதோ 7,70,000 வாட். நூற்றில் இரண்டரைப் பங்கு கூட இல்லை.

ஆற்காடு வாசி:
இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. 80 மைக்ரான் என்பது கோல் குளிர்ந்து கிடக்கும்போது அளந்த இடைவெளி. உலை ஓடும்போது வில்லை எங்கே 80ஐ விட்டுவைக்கப் போகிறது? வில்லையின் சராசரி வெப்பநிலை 820 டிகிரி என்றால் ஆரத்தில் அது 32 மைக்ரான் வளரும், உறை 8 மைக்ரான்தான் விலகும். மிஞ்சும் இடைவெளி 56 மைக்ரான். அம்மாவின் 205 அப்போதே 145 ஆகிவிடுகிறது. கல்பாக்கத்துக் கனநீர் உலைகளின் கோல்களில் உறை இன்னும் மெல்லியது, நீரின் அழுத்தமே அதை வில்லை மேல் அமுக்கிவிடும். அங்கே போய் 205 என்று சொன்னால் சிரிப்பார்கள்.

கொதிகலன்காரர்:
பார்த்தீர்களா! 205 என்றார், ஒரே பதிவில் 145 ஆயிற்று. இன்னும் இரண்டு பதிவு போனால் நான் சொன்ன இடத்துக்கே வந்து சேரும். 80 மைக்ரானை விட்டுவிடலாம்.

பாலாற்றங்கரை:
145 என்பதும் உறையில் ஏறும் 25ஐப் போல் ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு, ஐயா. நான் கொடுத்தது முதல் சுற்றுக் கணக்கு. விரிவைச் சேர்த்து மறுபடி கணக்கிட வேண்டும் என்பது ஆற்காடு வாசி சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. சூரிய வெந்நீர்த் தொட்டி விவாதத்திலும் அவர் இப்படித்தான் பாதி வழியில் வந்து பந்தியில் உட்கார்ந்தார். கல்பாக்கத்தைப் பற்றி அவர் சொன்னது உண்மை, ஆனால் மாணவி கேட்டது இடைவெளி உள்ள கோலைப் பற்றி.

145 போதாது என்பவருக்கு வேறொரு வழியில் சொல்கிறேன். இடைவெளியின் ஏற்றம் வில்லை முழுவதையும் அப்படியே மேலே தூக்குகிறது. வில்லைக்குள் ஏறும் 530 டிகிரியோ நடுவில் மட்டுமே முழுதாய் நிற்கிறது, சராசரியில் அதன் பாதியே சேரும். ஆகவே நீரின் வெப்பநிலைக்கு மேல் வில்லையில் தேங்கியிருக்கும் வெப்பத்தை எடுத்தால், 205இன்படி ஐந்தில் இரண்டு பங்கும் 145இன்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் இந்த இடைவெளி வைத்த கடன். குளிர்நீர் திடீரென்று போய்விட்டால் தேங்கிய அந்த வெப்பம் வெளிப்பக்கம் பரவி உறையைத் தாக்கும். உறைக்கு வகுத்திருக்கும் வரம்பு 1,204 டிகிரி. வில்லை உருக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆகவே கவலையில்லை என்று இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

ஆற்காடு வாசி:
பந்தியில் உட்கார்ந்தேனோ இல்லையோ, இலையில் இல்லாததைச் சொன்னது நான்தான். இன்னொன்று: கோல் பழையதாக ஆக உறை உள்ளே சாயும், வில்லை வீங்கும், இடைவெளி மூடிக்கொள்ளும். ஆகவே பழைய கோல் எப்போதும் குளிர்ந்திருக்கும்.

பாலாற்றங்கரை:
"எப்போதும்" என்ற சொல்லில்தான் வழுக்குகிறீர்கள். அணுப்பிளவில் பிறக்கும் செனான் வாயு ஹீலியத்தோடு கலக்கும். தனியே எடுத்தால் ஹீலியத்தைப் போல் இருபதில் ஒரு பங்கு வெப்பத்தைக்கூட அது கடத்தாது. வில்லையின் கடத்துத்திறனும் ஆண்டுகள் ஓடக் குறையும். மூடும் இடைவெளி ஒரு பக்கம் இழுக்க, கெட்டுப்போகும் வாயுவும் வில்லையும் மறுபக்கம் இழுக்கின்றன. எது வெல்லும் என்பது அந்தக் கோல் எத்தனை கிலோவாட்டில் எத்தனை காலம் ஓடியது என்பதைப் பொறுத்தது.

ஆற்காடு வாசி:
நான் சொன்னதைத்தான் நீளமாகச் சொல்கிறீர்கள்.

காட்பாடி மாணவி:
நன்றி அம்மா. ஓர் ஐயம். வில்லைக்குள் ஏறும் வெப்பநிலைக்கு வகுப்பில் ΔT = q'/(4πk) என்று கொடுத்தார்கள், q' ஒரு மீட்டரில் பிறக்கும் வெப்பம், k வில்லையின் கடத்துத்திறன். k = 3 என்று போட்டால் உங்கள் 530 வருகிறது. ஆனால் இதில் வில்லையின் ஆரமே இல்லையே?

கொதிகலன்காரர்:
ஆரமே இல்லாத சூத்திரமா? அப்படியானால் பென்சிலுக்கும் பனைமரத்துக்கும் நடுமையத்தில் ஒரே ஏற்றமா? தடித்த பொருளுக்கு உள்ளே வெப்பம் அதிகம் தேங்கும் என்பது அடுப்பில் கிழங்கு சுட்ட குழந்தைக்கும் தெரியும்.

பாலாற்றங்கரை:
ஒரு மீட்டருக்கு அதே 20 கிலோவாட் பிறந்தால் பனைமரத்துக்கும் அதே 530தான், ஐயா. வெப்பம் போகவேண்டிய தூரம் கூடும்போது அது பரவிச் செல்லும் பரப்பும் அதே அளவில் கூடுகிறது. கிழங்குக்கு வெப்பம் வெளியிலிருந்து போகிறது, அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

கொதிகலன்காரர்:
நான் சொல்வது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரே அளவு வெப்பம் பிறக்கும் பொருளை. அதில் ஆரம் இரட்டித்தால் ஏற்றம் நான்கு மடங்காகும். இதை மறுப்பீர்களா?

பாலாற்றங்கரை:
அதை யார் மறுத்தார்கள்? நான் எழுதிய முதல் பதிவிலேயே "ஒரு மீட்டர் நீளக் கோலில்" என்று இருக்கிறது. எதை மாறாமல் பிடித்திருக்கிறோம் என்று பார்க்காமல் பனைமரத்தைக் கொண்டுவந்து நட்டது நானல்ல.

கொதிகலன்காரர்:
ஆக, மறுக்க முடியவில்லை. மாணவி குறித்துக் கொள்ளட்டும். 80 மைக்ரானைப் பற்றிய என் கருத்திலும் மாற்றம் இல்லை.

ஆம்பூர் மின்பணி:
பொடி வேண்டாம் என்றால் ஈயத்தை உருக்கி ஊற்றிப் பார்த்தார்களா என்று யாராவது சொல்லுங்கள். அந்த ஆறு கோல்களுக்கும் இன்னும் பணம் வரவில்லை.