கம்பெனி திவால் ஆனபோது உங்கள் சம்பளப் பாக்கி வரிசையில் எங்கே நின்றது? அனுபவம் சொல்லுங்கள்

லேத் முருகன்
எட்டு மாதச் சம்பளம் பாக்கி. கைக்கு வந்தது இரண்டரை மாதச் சம்பளம். பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்கும் லிக்விடேட்டரின் ஆபீஸில் ஒரு பையன் என் கிளெய்ம் தாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டான், அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

உதிரிபாகக் கம்பெனி, பதினோரு வருடம் வேலை. 2017 மார்ச் சம்பளம்தான் கடைசி. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம்" என்ற பேச்சை நம்பி ஓட்டினோம். நவம்பர் கடைசியில் ஒரு காலை போனால் கேட்டில் பூட்டு. 2018 ஏப்ரலில் பேங்க் போட்ட திவால் மனுவை, கம்பெனி வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயமான என்.சி.எல்.டி. ஏற்றது. வாங்க ஆள் வரவில்லை. 2019 ஜூலை 1 அன்று கலைக்க உத்தரவு.

பையன் ஜூனுக்கும் ஜூலைக்கும் நடுவில் கோடு போட்டுவிட்டு, "அண்ணா, கோட்டுக்கு மேலே இருக்கும் மூன்று மாதம் பழசு. கீழே இருக்கும் ஐந்து மாதம்தான் கணக்கு" என்றான். ஒரே மிஷின், ஒரே ஷிஃப்ட். ஜூனில் செய்த வேலை எப்படிப் பழசு ஆகும்? ஐந்து மாதத்துக்கு 85,000 ரூபாய் ஒப்புக்கொண்டார்கள். அதிலும் பாதிதான் வந்தது.

செங்கொடி
நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் தோழர். சட்டப்படி தொழிலாளியின் பாக்கிதான் முதல், அதற்குப் பிறகுதான் பேங்க். உடனே லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்து மில்லில் அப்படிப் போட்டு முழுப் பணமும் வாங்கினார்கள். (அது 1990-களில், ஆனாலும் சட்டம் சட்டம்தானே.)

கணக்கர் 53
செங்கொடி தோழருக்கு, கோபம் நியாயம்தான், ஆனால் வரிசை நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை. திவால் தீர்வாளர் ஒருவரிடம் ஆறு வருடம் கிளெய்ம் சரிபார்த்தவன் நான். 2016 திவால் சட்டம், பிரிவு 53. விற்றுவரும் பணத்தில் முதலில் திவால் நடவடிக்கைச் செலவும் கலைப்புச் செலவும் முழுதாகப் போகும். அடுத்த படியில் தொழிலாளியும், அடமானச் சொத்தைத் தனியாக விற்றுக்கொள்ளாமல் பொதுக் கணக்கில் விட்டுக்கொடுத்த பேங்கும் ஒன்றாக நிற்பார்கள். முன்னே பின்னே கிடையாது. பணம் போதாவிட்டால் இருவருக்கும் ஒரே விகிதம்.

முருகன் அண்ணன் கேஸில் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பேங்குக்கு 40 கோடி, தொழிலாளர் எல்லோருக்கும் சேர்த்து 2 கோடி, செலவு போக மிச்சம் 21 கோடி. ரூபாய்க்கு ஐம்பது பைசா, 85,000-க்கு 42,500. சரியா அண்ணா?

லேத் முருகன்
அதே 42,500. சரி, அந்தக் கோடு?

கணக்கர் 53
அந்தப் படியில் தொழிலாளிக்கு 24 மாதப் பாக்கிதான் வரும். அந்த 24 மாதத்தைக் கலைப்பு உத்தரவு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள், வேலை நின்ற நாளிலிருந்து இல்லை. உங்களுக்குப் பூட்டு போட்டதற்கும் உத்தரவுக்கும் நடுவில் 19 மாதம் போய்விட்டது. மிச்சம் ஐந்து. உத்தரவு இன்னும் ஐந்து மாதம் இழுத்திருந்தால் நீங்கள் வேலை செய்த ஒரு மாதம்கூடக் கோட்டுக்குக் கீழே வந்திருக்காது. வாங்க ஆள் தேடுகிறோம் என்று ஓடும் ஒவ்வொரு மாதமும் தொழிலாளி கணக்கிலிருந்துதான் கழிகிறது. இதை நான் பல பேரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையும் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.

வெட்டுப்பட்ட மூன்று மாதம் அழிந்துவிடாது. அரசு வரிப் பாக்கிக்கும் கீழே, "மற்ற கடன்கள்" என்ற படிக்குப் போகும். அங்கே காசு வந்து நான் பார்த்ததில்லை. லேபர் கோர்ட்டைப் பற்றி: மனு ஏற்ற நாளிலிருந்து கம்பெனி மேல் எந்த வழக்கும் நகராது. கலைப்பு தொடங்கிய பிறகும் கம்பெனி மேல் புதிதாகப் போட முடியாது.

ஜூனியர் சூப்பர்வைசர் (பெயருக்கு)
உங்களுக்குப் பாதியாவது வந்தது. எனக்குப் பூஜ்யம்.

எங்கள் கம்பெனியில் 2015-ல் சம்பள உயர்வு கேட்டபோது, உயர்வுக்குப் பதிலாகப் "ஜூனியர் சூப்பர்வைசர்" என்று அட்டை அடித்துக் கொடுத்தார்கள். அப்போதும் நான் பிரஸ் மிஷினில்தான் நின்றேன். மனைவி அந்த அட்டையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். சம்பளம் 22,000. கிளெய்ம் பாரத்தில் பதவி என்ற இடத்தில் அட்டையைப் பார்த்து அப்படியே எழுதினேன். மேற்பார்வை வேலை, சம்பளம் பத்தாயிரத்துக்கு மேல், ஆகவே "தொழிலாளி" இல்லை, "ஊழியர்" என்று ஒதுக்கிவிட்டார்கள். ஊழியருக்கு 12 மாதம்தான், அதுவும் பேங்குக்கு அடுத்த படி. பேங்கோடு பணம் முடிந்துவிட்டது. பக்கத்து மிஷின்காரனுக்கு 30,000 வந்தது.

கணக்கர் 53
பதவிப் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது, முக்கியமாக என்ன வேலை செய்தார் என்றுதான் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் ரிஜிஸ்டர், உற்பத்திச் சீட்டு வைத்து லிக்விடேட்டர் முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம். அதற்கு 14 நாள்தான்.

ஜூனியர் சூப்பர்வைசர் (பெயருக்கு)
14 நாள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

அச்சக ரவி
எனக்கும் இதே கதை. முதலாளி நான்கு மாதச் சம்பளம் தராமல் பிரஸ்ஸை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஒரு ஆள் கடைதான், கம்பெனி எல்லாம் இல்லை.

நண்பர்களுக்கு என் அறிவுரை: சம்பளச் சீட்டை ஒவ்வொரு மாதமும் போட்டோ எடுத்து வையுங்கள். பி.எஃப். பாஸ்புக்கை மாதாமாதம் பாருங்கள், பணம் ஏறாத மாதம்தான் முதல் மணி. வருகைப் பதிவையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் மெயிலில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், எல்லோரும் சேர்ந்து நீங்களே திவால் மனு போடுங்கள், ஒரு லட்சம் பாக்கி இருந்தால் போதும். முதலாளி பயந்து கொடுத்துவிடுவார். நான் செய்யவில்லை, ஆனால் செய்திருக்கலாம்.

கணக்கர் 53
ரவி அண்ணா, பி.எஃப். யோசனை நல்லது. ஆனால் உங்களுடையது தனி ஆள் வியாபாரம், நாங்கள் பேசும் பாதை கம்பெனிக்கு. உங்களுக்கு லேபர் ஆபீஸ்தான் வழி. ஒரு லட்சம் என்பதும் பழைய கதை, 2020 மார்ச்சில் ஒரு கோடி ஆக்கிவிட்டார்கள். தொழிற்சங்கம் எல்லோர் பாக்கியையும் கூட்டி ஒரே மனுவாகப் போடலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு கோடி சேர எத்தனை பேர் வேண்டும் என்று பாருங்கள்.

செங்கொடி
கிராஜுவிட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஜெட் ஏர்வேஸ் கேஸில் பி.எஃப்., கிராஜுவிட்டி முழுதாகக் கொடுக்கச் சொன்னார்களே?

கணக்கர் 53
2022-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. ஆனால் அது கம்பெனியை ஒருவர் எடுத்து நடத்தும் திட்டத்தில் வந்த கேள்வி. கலைப்பில் பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிப் பணம் கடன்காரர் கைக்கே போகாது, அது சட்டத்திலேயே இருக்கிறது. கம்பெனி கிராஜுவிட்டி நிதி என்று ஒன்றை வைக்கவே இல்லை என்றால் என்ன? 2020-ல் அதே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், நிதி இல்லாத இடத்தில் லிக்விடேட்டரைக் கொடு என்று கட்டாயப்படுத்த முடியாது என்றது. இரண்டையும் வக்கீல்கள் வீசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முருகன் அண்ணா, ஒன்று கேட்கிறேன். பூட்டு போட்டபோது வேலையை விட்டு நீக்கியதாகக் கடிதம் ஏதாவது வந்ததா?

லேத் முருகன்
இல்லை தம்பி. பூட்டு மட்டும்தான். ஏன்?

கணக்கர் 53
கலைப்பு உத்தரவுதான் வேலைநீக்க நோட்டீஸாகக் கருதப்படும். அதுவரை நீங்கள் சட்டப்படி வேலையில்தான் இருந்தீர்கள் என்று வாதாடலாம். அப்படியானால் அந்த 19 மாதச் சம்பளமும் கோட்டுக்குக் கீழேதான் வருகிறது. வேலை செய்யாத காலத்தைத் திவால் நடவடிக்கைச் செலவில் சேர்க்க முடியாது, அந்தப் பாக்கி 24 மாதப் படியில்தான் வரும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கப்பல் கட்டும் கம்பெனி கேஸில் சொன்னது. கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். பாரத்தில் எழுதினீர்களா?

லேத் முருகன்
வேலை செய்யாத மாதத்துக்கு எப்படிக் கூலி கேட்பது என்று எட்டு மாதம் மட்டும்தான் எழுதினேன்.