ஓய்வுப் பணம் 50 லட்சம்: ஆன்யூட்டியில் கட்டுவதா, ஆண்டுதோறும் எடுத்துக்கொள்வதா?

வைகைக்கரை எழுதியது: "பணி ஓய்வில் வரும் 50 லட்சத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்து, ஆயுள் முழுக்க ஒரு தொகை வாங்கும் ஆன்யூட்டியில் போடுபவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. அதே பணத்தைப் பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டில் வைத்து ஆண்டுக்கு 4 லட்சம் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை சராசரியாக 12 சதவீதம் வளர்கிறது, நீங்கள் எடுப்பது 8 சதவீதம்தான். முதல் ஒருநாளும் குறையாது."

ஓய்வுக்கணக்கர்:
"முதல் ஒருநாளும் குறையாது" என்ற இந்த வாக்கியத்தை நம்பிப் பணத்தை இழந்தவர்களை நான் வங்கியில் பணியாற்றிய காலத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் இதைச் சும்மா விட முடியாது. சராசரி என்பது நீண்ட காலத்தின் கூட்டுக்கணக்கு. ஆனால் ஓய்வு பெற்றவர் பணத்தைச் சராசரியில் எடுப்பதில்லை, அந்தந்த ஆண்டின் விலையில் யூனிட்களை விற்று எடுக்கிறார்.

2007 டிசம்பர் இறுதியில் ஓய்வு பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அன்று சென்செக்ஸ் 20,287. சென்செக்ஸை அப்படியே பின்தொடரும் ஒரு ஃபண்டில், யூனிட் 100 ரூபாய் என்று வைத்து, அவர் 50,000 யூனிட் வாங்குகிறார். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 4 லட்சம் எடுக்கிறார். முதல் முறை 4,000 யூனிட் போகிறது. 2008 இறுதியில் சென்செக்ஸ் 9,647, அதாவது யூனிட் விலை ஏறத்தாழ 47 ரூபாய் 55 காசு. இப்போது அதே 4 லட்சத்துக்கு 8,400 யூனிட்டுக்கு மேல் விற்க வேண்டும். அடுத்த ஆண்டு சந்தை 81 சதவீதம் ஏறியது உண்மைதான், ஆனால் விற்றுப்போன யூனிட்கள் அந்த ஏற்றத்தில் பங்கு பெறவில்லை. 2010 இறுதியில் சென்செக்ஸ் 20,509. புறப்பட்ட இடத்துக்கு மேலேயே வந்துவிட்டது. அவர் எடுத்தது மூன்று முறை, 12 லட்சம். மீதி 38 லட்சம் இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது 33 லட்சம் சொச்சம்தான்.

அதன்பின் 2011-இல் 25 சதவீதச் சரிவு. இப்படியே கணக்கைக் கொண்டுபோனால், 2020 தொடக்கத்தில் கடைசி 4 லட்சத்தை எடுத்த பிறகு அவர் கையில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. 60 வயதில் தொடங்கியவருக்கு அப்போது 72 வயதுதான்.

வைகைக்கரை:
ஏன் 2007? வரலாற்றிலேயே மோசமான ஒரு நாளைத் தேடிப் பிடித்துக் கணக்கைத் தொடங்கினால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். ஈவுத்தொகையையும் நீங்கள் சேர்க்கவில்லை. வங்கியில் இருந்தவர்கள் எப்போதும் சந்தையைக் காட்டிப் பயமுறுத்துவார்கள், அது அவர்களுடைய பழக்கம்.

ஓய்வுக்கணக்கர்:
ஈவுத்தொகையைச் சேர்க்கவில்லை என்பது சரி. சேர்த்தால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும், அவ்வளவே. ஏன் 2007 என்று கேட்டீர்கள். அதற்குப் பதிலாக 2008 டிசம்பரில் தொடங்கிப் பார்த்தேன். அதே 50 லட்சம், அதே 4 லட்சம், ஓராண்டு மட்டும் தாமதம். அவருக்கு 2019 இறுதியில் எல்லாம் எடுத்தது போக ஒரு கோடியே 24 லட்சம் மீதி இருக்கிறது. ஒருவர் வெறுங்கையோடு நிற்கிறார், இன்னொருவர் கோடீஸ்வரர். இருவருக்கும் இடையே திறமையில் வித்தியாசமில்லை, பிறந்த ஆண்டில்தான் வித்தியாசம். 60 வயது நிறைவடையும் தேதியைச் சந்தை பார்த்து எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்.

வைகைக்கரை:
ஆக, நீங்களே ஒரு கோடியே 24 லட்சம் என்று ஒப்புக்கொண்டீர்கள். ஆன்யூட்டி இதைத் தருமா?

தலைமையாசிரியர்_ஓய்வு:
நண்பர்களே, நான் ஓய்வு பெற்றபோது ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கம்யூட்டேஷனாக மொத்தமாகப் பெற்றுக்கொண்டேன். 15 ஆண்டுகள் கழித்து அந்தப் பிடித்தம் நின்று முழு ஓய்வூதியம் வரத் தொடங்கியது. அகவிலைப்படியும் ஆண்டுக்கு இருமுறை உயர்கிறது. எனவே மொத்தமாகப் பெற்றுக்கொள்வதே நல்லது என்பது என் அனுபவம்.

ஓய்வுக்கணக்கர்:
ஐயா, தங்களுடையது அரசு தரும் ஓய்வூதியம். இங்கே பேசுவது, சொந்தப் பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்து, அவர்களிடமிருந்து ஆயுள் முழுக்க ஒரு தொகையை வாங்குவதைப் பற்றி. அதில் அகவிலைப்படி கிடையாது. ஆண்டுக்கு 3 சதவீதம் கூடும் வகை உண்டு, ஆனால் அதில் தொடக்கத் தொகை கணிசமாகக் குறைவு, கூடுவதும் தொடக்கத் தொகையின் மேல் மட்டும்தான்.

மாடிவீட்டுமல்லிகை:
ஆன்யூட்டியை இவ்வளவு ஆதரித்துப் பேசுகிறீர்கள், எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். அப்பா 61 வயதில் 20 லட்சம் கட்டினார். மாதம் 13,000 சொச்சம் வந்தது. பதினான்காவது மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அம்மா முகவரைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது, பத்திரத்தில் அப்பா பெயருக்கு மட்டும், முதல் திரும்பாத வகை என்று இருந்தது. விண்ணப்பத்தில் வகையைக் குறிக்க ஒரே ஒரு எழுத்து. அந்தக் கட்டத்தில் இருந்த கையெழுத்து அப்பாவுடையது அல்ல, முகவருடையது. 20 லட்சம் கொடுத்துக் கைக்கு வந்தது 2 லட்சம்கூட இல்லை. அம்மா அந்தப் பத்திரத்தை இன்னும் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

வைகைக்கரை:
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஓய்வுக்கணக்கர்:
அம்மா, படித்து மனம் கனத்துவிட்டது. ஆனால் வைகைக்கரை இதைத் தன் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்வதை ஏற்க முடியாது. அங்கே தவறியது வகைத் தேர்வு. கணவன் மனைவி இருவரில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை வருகிற கூட்டு வகையைக் குறித்திருந்தால், மாதத் தொகை சற்றுக் குறைவாக இருந்தாலும் உங்கள் அம்மாவுக்கு அது ஆயுள் முழுக்கக் கிடைத்திருக்கும். பத்திரம் கைக்கு வந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற இப்போது 30 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த 30 நாளுக்குள் பிள்ளைகளில் ஒருவராவது பத்திரத்தின் முதல் பக்கத்தில் யார் பெயர், எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும்.

முதல் திரும்பாத வகையில் தொகை ஏன் கூடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 60 வயதில் அந்த வகைக்கு 8 சதவீதத்தை ஒட்டியும், முதலை வாரிசுக்குத் திருப்பித் தரும் வகைக்கு ஆறரையை ஒட்டியும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். விகிதம் காலத்துக்குக் காலம் மாறும். இந்த ஒன்றரை சதவீதம் நிறுவனத்தின் கருணையன்று. சீக்கிரம் இறப்பவர்கள் விட்டுச்செல்லும் பணம்தான் 90 வயதுவரை இருப்பவர்களுக்குச் சோறு போடுகிறது. தனி மனிதன் தன் சேமிப்பிலிருந்து எடுக்கும்போது இந்த ஏற்பாட்டை எந்த ஃபண்டாலும் செய்ய முடியாது.

மாடிவீட்டுமல்லிகை:
எங்கள் அப்பாவின் பணம் யாரோ ஒருவருக்குச் சோறு போட்டது என்று சொல்கிறீர்கள். நன்றி.

கொங்குத்தறி:
இருவரும் 4 லட்சத்தையே பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். நான் அதே 2007 கணக்கை 2 லட்சம் வைத்துப் போட்டேன். 2019 இறுதியில் மீதி 52 லட்சத்துக்கு மேல் வருகிறது. அப்படியானால் கோளாறு சந்தையில் இல்லை, எடுக்கும் அளவில்தான். 4 சதவீதம் எடுத்தால் எந்த ஆண்டும் பயமில்லை.

ஓய்வுக்கணக்கர்:
கணக்கு சரி, முடிவு பாதிதான் சரி. 2 லட்சத்தை 12 ஆண்டுகளும் கூட்டாமலே எடுத்திருக்கிறீர்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். அரிசி, மருந்துச் செலவுக்கு ஏற்பக் கூட்டி எடுத்தால் அந்த 52 லட்சம் இருக்காது. தவிர, மாதம் 16,700 ரூபாயில் குடும்பம் நடத்த முடியுமானால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 8 சதவீதம் எடுக்கலாம் என்று சொன்னது நானல்ல, வைகைக்கரை.

கொங்குத்தறி:
உங்கள் ஆன்யூட்டியின் 4 லட்சமும் 12 ஆண்டில் பாதி மதிப்புக்குத்தானே வரும்? அதை மட்டும் ஏன் மெல்லச் சொல்கிறீர்கள்? வரி வேறு. ஆன்யூட்டியில் வருவது முழுவதும் வருமானம், ஃபண்டில் லாபப் பகுதிக்கு மட்டும்தான் வரி.

ஓய்வுக்கணக்கர்:
மெல்லச் சொல்லவில்லை, தலைமையாசிரியர் ஐயாவுக்குச் சொன்ன பதிலிலேயே இருக்கிறது, படிக்கவில்லை என்றால் நான் பொறுப்பல்ல. வரியைப் பொறுத்தவரை, புதிய முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை சாதாரண வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. 4 லட்சம் வாங்குபவருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

என்னைக் கேட்டால் 50 லட்சத்தையும் ஆன்யூட்டியில் போடச் சொல்லவே மாட்டேன். என் மைத்துனருக்குச் செய்து கொடுத்ததைச் சொல்கிறேன். 30 லட்சம் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போனது, அதுதான் உச்சவரம்பு. 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வருகிறது. ஐந்தாண்டில் முதிர்ந்து, அதன்பின் மூன்றாண்டுக்கு நீட்டிக்கலாம், ஆனால் வட்டி அன்றைய நிலவரப்படி. ஆகவே அது ஆயுள் முழுக்க வரும் என்று நம்ப முடியாது. 12 லட்சத்தில் இருவர் பெயரிலும் ஆன்யூட்டி, மளிகை, மின்கட்டணம் போன்ற நிறுத்த முடியாத செலவுக்கு. மீதி 8 லட்சம் ஃபண்டில், சந்தை விழுந்த ஆண்டில் அதைத் தொடவே கூடாது என்ற நிபந்தனையோடு. விழுந்த ஆண்டில் விற்காமல் இருக்க முடிந்தால் 2008 அவரை ஒன்றும் செய்யாது.

தலைமையாசிரியர்_ஓய்வு:
அப்படியானால் கம்யூட்டேஷன் பெற்றது தவறு என்கிறீர்களா?

வைகைக்கரை:
8 லட்சம் மட்டும் ஃபண்டில்! ஓய்வுக்கணக்கர் எத்தனை பக்கம் எழுதினாலும் 2007 டிசம்பரை விட்டால் அவருக்கு வேறு கணக்கில்லை. 2003 டிசம்பரில் சென்செக்ஸ் 5,839. அங்கிருந்து தொடங்கினால் 50 லட்சம் என்னவாகியிருக்கும் என்று நாளை நானே முழுக் கணக்கையும் இங்கே போடுகிறேன்.

ஓய்வுக்கணக்கர்:
போடுங்கள். கூடவே 1999 டிசம்பர், 5,006-இல் தொடங்கியும் ஒன்று போடுங்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து சரிவு, 2001 இறுதியில் 3,262. அந்த இரண்டு ஆண்டில் எத்தனை யூனிட் விற்கிறீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

வைகைக்கரை:
ஏன் 1999?