மௌனத்துக்கு நம்பர் எதுக்கு? (4 வினாடிப் பஞ்சாயத்து)

வசனகர்த்தா:
வானொலி நாடகத்துக்கு எது எப்ப வரணும்னு வரிசையா எழுதுற க்யூ ஷீட் போடுறப்ப ஒலிக்கு நம்பர், இசைக்கு நம்பர், சரி. மௌனத்துக்கும் தனி நம்பர் போட்டு "4 வினாடி"ன்னு எழுதணும்னு ஒருத்தர் வகுப்பெடுக்குறார். சுத்தக் கிறுக்குத்தனம். மௌனத்துக்கு எவனும் பட்டனை அமுக்கப் போறதில்லை. வசனத்துக்குப் பின்னாடி மூணு புள்ளி வெச்சா நடிகனுக்குப் புரியாதா?

பேனல் பாண்டி:
அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டுங்க. எவனும் பட்டனை அமுக்கப் போறதில்லையா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒலியை ஏத்தி இறக்குற பேனல்ல நீங்க ஒருநாளும் உட்கார்ந்ததில்லைன்னு இந்த ஒரு வரியே சொல்லுது.

போன மாசம் சோழவந்தான் மழை சீன் எடுத்தோமே, அதோட மூணாம் பக்கம் இது:

```
 7  அம்மா    கதவைச் சாத்து தம்பி, சாரல் அடிக்குது.
 8  ஒலி      கதவு, தாழ்ப்பாள். மழை பாதிக்கு இறங்கும்.
 9  மௌனம்    4 வினாடி. மழை மட்டும் ஓடும்.
10  மகன்     அப்பா எங்கம்மா?
11  இசை      "எங்க"வில் புல்லாங்குழல் அடியில் நுழையும்.
             வசனம் முடிஞ்சதும் எழும்பும்.
```

ஒன்பதாம் வரியை எடுத்துட்டு உங்க மூணு புள்ளியை வையுங்க. எனக்கு என்ன தெரியும்? மழையை அப்படியே விடணுமா, இன்னும் இறக்கணுமா, சுத்தமா நிறுத்தணுமா? மூணும் மூணு விதமான மௌனம். மழை மட்டும் கேட்டா ரெண்டு பேரும் பேச்சில்லாம உட்கார்ந்திருக்காங்க. மழையும் நின்னா யாருக்கோ நெஞ்சு அடைச்சிருச்சுன்னு கேட்கிறவன் நினைப்பான். அமுக்குற விரல் என்னோடது சார்.

வசனகர்த்தா:
மழையை நீங்க என்ன வேணா பண்ணுங்க, அது எட்டாம் வரி விஷயம். நான் கேட்டது அந்த 4. ஏன் 3 இல்லை, ஏன் 5 இல்லை? ஒத்திகையில அந்தப் பையன் உதட்டை அசைச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டு இருந்தான். எண்ணி முடிச்சு "அப்பா எங்கம்மா"ன்னான். பஸ் டைம் விசாரிக்கிற மாதிரி இருந்துச்சு. என் வசனத்தைக் கொன்னது உங்க 4.

தத்தனேரி ராஜா:
பாண்டியண்ணே, 4 வினாடி சத்தமே இல்லைன்னா கேட்கிறவன் ஸ்டேஷன் போயிருச்சுன்னு வேற பக்கம் திருப்பிருவான். வானொலியில மௌனமே கூடாது. முடிஞ்சது கதை.

பேனல் பாண்டி:
ராஜா, பாதி சரி. ஒண்ணுமே கேட்காத மௌனம் ஆபத்துதான். நிலையத்துல சத்தம் நின்னா எச்சரிக்கிற கருவி இருக்கும், எத்தனை வினாடியில கத்தணும்னு அவங்க வெச்சிருப்பாங்க. ஒலிபரப்புக்கு முன்னாடியே அதைக் கேட்டுக்கணும். ஆனா மழை ஓடுற மௌனம் அதுல சேராது. அதுக்காகத்தானே "மழை மட்டும் ஓடும்"னு எழுதியிருக்கேன்? சார் அதைப் படிக்கலை, 4ஐ மட்டும் பிடிச்சுத் தொங்குறார்.

பையன் எண்ணினான்னா தப்பு என் தாள்ல இல்லை. வினாடி இருக்கிற தாள் எனக்கும் டைரக்டருக்கும். நடிகனுக்குக் கொடுக்கிற தாள்ல "மௌனம், சிக்னலுக்குக் காத்திரு"ன்னு மட்டும்தான் இருக்கணும். பச்சை விளக்கு எரிஞ்சா பேசுவான். விளக்கு இல்லாத ரூம்னா கண்ணாடி வழியா கையைக் காட்டணும். ஒரே தாளை எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது யாரு? வசனகர்த்தா.

வசனகர்த்தா:
ஜெராக்ஸ் காசு நான் கொடுத்தேன், அதையும் சொல்லுங்க.

செல்லூர் செல்வி:
எங்க கதையைக் கேளுங்கண்ணே. காலேஜ்ல நாடகம் பதிவு பண்ணி ஆன்லைன்ல போட்டோம். தாத்தா சாகுற சீன், எல்லாரும் 5 வினாடி பேசாம இருந்தோம். எடிட் பண்ணின தம்பி அதை "கேப்"னு நினைச்சு Audacityல மௌனத்தைச் சுருக்குற `Truncate Silence` போட்டுட்டான். தாத்தா செத்த அரை வினாடியில பேத்தி "காபி போடவா"ன்னு கேட்கிறா. கேட்டவங்கெல்லாம் சிரிச்சாங்க. ஷீட்ல எங்களுக்கும் வெறும் மூணு புள்ளிதான்.

பேனல் பாண்டி:
தங்கச்சி சொன்னதை நல்லா கேட்டீங்களா சார்?

வசனகர்த்தா:
அந்தத் தம்பியைத் திட்டுங்க. அறிவில்லாதவனுக்காக ஊரே நம்பர் போட்டுத் திரியணுமா?

காளவாசல் எடிட்டர்:
க்யூ ஷீட்னா படத்துல எந்தப் பாட்டு எத்தனை நிமிஷம் வருதுன்னு ராயல்டிக்கு எழுதிக் கொடுக்கிறதுதானே? அதுல மௌனம் எப்படி வரும்? மௌனத்துக்கு யாருக்கு ராயல்டி?

பேனல் பாண்டி:
தம்பி, அது வேற ஷீட். பேரு ஒண்ணு, வேலை வேற. நடுவுல வராதீங்க.

மௌனத்துக்கு வரிசை எண் இருந்தா இன்னொரு நன்மை. ஒத்திகையில "மூணாம் பக்கம் ஒன்பதுல இருந்து போ"ன்னு ஒரே வார்த்தை. எண் இல்லைன்னா "அம்மா சாத்துன்னு சொன்னதுக்கப்புறம், பையன் பேசுறதுக்கு முன்னாடி, அந்த..."ன்னு கத்திக்கிட்டு இருக்கணும். நடுவுல ஒரு வரி சேர்ந்தா 9அன்னு போடுவேனே தவிர தாள் கையில போனப்புறம் எண்ணை மாத்தவே மாட்டேன். ஒருத்தர் கையில பழசு, இன்னொருத்தர் கையில புதுசு, அப்புறம் கதவு சாத்துற இடத்துல இடி விழும்.

இன்னொண்ணு, மௌனம் பக்கத்தோட கடைசி வரியா விழக்கூடாது. எல்லாரும் அப்பத்தான் பக்கத்தைத் திருப்புவாங்க. பேச்சு ஓடுறப்ப அந்தச் சரசரப்பு தெரியாது, மௌனத்துல ஓலை வீடு பிரியிற மாதிரி கேட்கும். எண் போட்டு எழுதினாத்தான் எது எங்க விழுதுன்னு தட்டச்சு பண்றப்பவே கண்ணுக்குத் தெரியும். சாரோட முதல் தாள்ல அது சரியா பக்கம் முடியிற இடத்துலதான் இருந்துச்சு.

வசனகர்த்தா:
இது எண்ணுக்கான வாதம், சரி. 4க்கான வாதம் எங்க? மழைக்கு 4, பசிக்கு 4, சாவுக்கு 4ன்னு எழுதிக்கிட்டே போவீங்களா? அன்னைக்கு அந்த அம்மா நடிச்ச விதத்துக்கு 2 போதும். ஒலிபரப்புல நீங்க 4 விட்டீங்க. எங்க வீட்டுல ரேடியோவை ஒரு தட்டுத் தட்டினாங்க.

பேனல் பாண்டி:
உங்க வீட்டு ரேடியோவைத் தட்டினாத்தான் பாடும்னு சிம்மக்கல்லுக்கே தெரியும். 4ங்கிறது ஒத்திகையில அந்த அம்மா மூச்சு விட்டதை வெச்சு அளந்தது. பதிவுல 3 ஆனா 3ன்னு அடிச்சுத் திருத்தி எழுதுவேன். பென்சில்ல எழுதுறது எதுக்குன்னு நினைச்சீங்க? மொத்தம் 28 நிமிஷத்துல முடிக்கணும், உங்க மூணு புள்ளி எத்தனை வினாடின்னு கூட்டல்ல எப்படிப் போடுறது?

வசனகர்த்தா:
அளந்தீங்களா? எதை வெச்சு? என் ஸ்டாப்வாட்சை வெச்சு. மாட்டுத்தாவணியில வாங்கிட்டுப் போனது, சித்திரைத் திருவிழா முடிஞ்சு தர்றேன்னீங்க. ரெண்டு திருவிழா போயிருச்சு.

தத்தனேரி ராஜா:
அப்ப 4 வினாடிங்கிறதே அடுத்தவர் வாட்ச்ல வந்ததா!

பேனல் பாண்டி:
அது ஓடவே ஓடாத வாட்ச். அதுக்கு பேட்டரி மாத்தினது யாரு, காசு யாரு கொடுத்தா?

செல்லூர் செல்வி:
அண்ணே, நடிகருக்குத் தனித்தாள், டைரக்டருக்குத் தனித்தாள்னா வசனம் ரெண்டுலயும் ஒரே எண்ணா இருக்கணுமா?

பேனல் பாண்டி:
ஒரே எண்தான் தங்கச்சி. வினாடி மட்டும்தான் வித்தியாசம். சார், பேட்டரி 40 ரூபாய்.

வசனகர்த்தா:
முதல்ல வாட்ச் வரட்டும். அந்த 4ஐ நான் ஒத்துக்கவே மாட்டேன்.